படச் செய்தி வரவில்லை, போகவில்லை: அறிகுறியை வைத்து எம்எம்எஸ் கோளாறைக் கண்டுபிடிப்பது

திருச்சியிலிருந்து அம்மா நியூ ஜெர்சிக்கு வந்து ஆறு மாதம் எங்களுடன் இருந்தார். ஊரில் வாங்கிய ஆண்ட்ராய்டு போனையே கொண்டு வந்திருந்தார். அதில் முதல் சிம் இந்திய எண். வங்கி ஓடிபி வருவதற்காக அதை எடுக்க முடியாது. இரண்டாவது இடத்தில் இங்கே வாங்கிய ஒரு ப்ரீபெய்டு சிம்மைப் போட்டுக் கொடுத்தேன். பேச முடிந்தது, எஸ்எம்எஸ் வந்தது, வாட்ஸ்அப் ஓடியது. எல்லாம் சரி என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை போனை நீட்டினார். "ஏம்ப்பா, பேரன் டான்ஸ் ஆடின போட்டோவை அந்த டீச்சர் எல்லாருக்கும் அனுப்பியிருக்காங்களாம். எனக்கு மட்டும் ஒரு அம்புக்குறிதான் வருது." திரையில் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதற்குள் கீழ்நோக்கிய அம்பு, பக்கத்தில் 412 KB. தொட்டால் சுற்றும், சுற்றும், பிறகு பழைய அம்பே திரும்பி வரும்.

ஊரில் போட்டோ என்றால் வாட்ஸ்அப்தான் என்பதால் எம்எம்எஸ் என்ற ஒன்று போனில் இருப்பதே நமக்கு நினைவில் இருக்காது. அமெரிக்காவில் அப்படி இல்லை. பள்ளி, பக்கத்து வீடு, பல் மருத்துவமனை என்று எல்லோரும் போனில் இருக்கும் சாதாரண மெசேஜ் ஆப்பில்தான் அனுப்புவார்கள். இன்னொரு விஷயமும் உண்டு. மூன்று நான்கு பேருக்குச் சேர்த்து அனுப்பும் குழுச் செய்தி வெறும் எழுத்தாக இருந்தாலும் பெரும்பாலும் எம்எம்எஸ் ஆகத்தான் போகும். அதனால் "தனியாக அனுப்பினால் வருகிறது, குரூப்பில் அனுப்பினால் வருவதில்லை" என்று யாராவது சொன்னால், படமே இல்லாவிட்டாலும் அது பெரும்பாலும் எம்எம்எஸ் கோளாறுதான்.

அறிகுறிகளுக்குப் போகும் முன், ஒரு படச் செய்தி எப்படி வந்து சேர்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கீழே வரும் எல்லாமே இதை வைத்துத்தான்.

சீட்டு வேறு, பார்சல் வேறு

தபால்காரர் பெரிய பார்சலை வீட்டுக்குக் கொண்டு வராமல், "உங்களுக்குப் பார்சல் வந்திருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரு சீட்டை மட்டும் போட்டுவிட்டுப் போவார் இல்லையா, எம்எம்எஸ் அப்படித்தான். ஒருவர் படம் அனுப்பியதும் அது உங்கள் சிம் நிறுவனத்தின் எம்எம்எஸ் மையத்தில் போய் உட்காரும். அந்த மையத்துக்கு எம்எம்எஸ்சி என்று பெயர். அங்கிருந்து உங்கள் போனுக்கு முதலில் ஒரு சிறிய அறிவிப்பு மட்டும் வரும். அது எஸ்எம்எஸ் வரும் வழியிலேயே வருவதால் டேட்டா தேவையில்லை. படத்தின் அளவும் அதை எடுக்க வேண்டிய முகவரியும் அதில் இருக்கும்.

அடுத்தது போனின் வேலை. அந்த முகவரிக்கு மொபைல் டேட்டா வழியாகப் போய்ப் படத்தை எடுத்து வர வேண்டும். எந்த வாசல் வழியாகப் போவது என்பதைச் சொல்வதுதான் ஏபிஎன் என்கிற அமைப்பு. நீங்கள் படம் அனுப்பும்போதும் அதே வாசல்தான்; போன் படத்தை அதன் வழியாக எம்எம்எஸ்சியில் கொண்டுபோய் வைக்கும்.

அம்மாவின் போனில் அம்பும் 412 KB என்ற அளவும் தெரிந்தன. அப்படியானால் சீட்டு வந்துவிட்டது. எண் சரி, எஸ்எம்எஸ் பாதை சரி, நிறுவனம் எம்எம்எஸ் கொடுத்திருக்கிறது. பார்சலை எடுக்கப் போகும் வழியில்தான் தடை. இந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அறிகுறி 1: அறிவிப்பு வருகிறது, படம் இறங்கவில்லை

அதிகம் காண்பது இதுதான். முதலில் வைஃபையை அணைத்துவிட்டு, பிரவுசரில் ஏதாவது ஒரு இணையதளத்தைத் திறந்து பாருங்கள். இது ஏன் முக்கியம் என்றால், வீட்டில் வைஃபை எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதால் மொபைல் டேட்டா வேலை செய்யவில்லை என்பதே பலருக்குத் தெரியாது. வாட்ஸ்அப் வைஃபையில் ஓடிவிடும். எம்எம்எஸ் பொதுவாக வைஃபை இருந்தாலும் மொபைல் டேட்டாவைத்தான் தேடும்.

அம்மாவின் போனில் வைஃபையை அணைத்ததும் எந்தத் தளமும் திறக்கவில்லை. செட்டிங்ஸில் சிம் பக்கத்தைப் பார்த்தால், மொபைல் டேட்டாவுக்கு இந்திய சிம் தேர்வாகியிருந்தது. அதில் ரோமிங் டேட்டாவை நானே முடக்கி வைத்திருந்தேன், பில் ஏறக் கூடாது என்று. ஆக, டேட்டா என்பதே இல்லை. இரண்டு சிம் போடும் போன்களில் இதை முதலில் பாருங்கள். டேட்டா ஒரு சிம்மிலும் எம்எம்எஸ் இன்னொரு சிம்மிலும் வரும்போது, சில போன்கள் படத்தை எடுக்கும் நேரத்துக்கு மட்டும் தாமாகவே மாறிக்கொள்ளும், சில மாறாது. எம்எம்எஸ் வரும் எண் எந்த சிம்மோ, டேட்டாவையும் அதற்கே கொடுத்துவிடுவதுதான் நிச்சயமான வழி.

மொபைல் டேட்டாவையே எப்போதும் அணைத்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். புதிய ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றில் சிம் பக்கத்தில் `MMS messages` என்று ஒரு பொத்தான் இருக்கும். டேட்டா அணைந்திருந்தாலும் எம்எம்எஸ் மட்டும் வந்து போகட்டும் என்பதற்கு அது. இல்லாத போன்களில் டேட்டாவைப் போட்டுத்தான் ஆக வேண்டும். அதேபோல் வெளியூர், வெளிநாடு போய் ரோமிங்கில் இருக்கும்போது மட்டும் படம் வரவில்லை என்றால், செட்டிங்ஸில் ரோமிங் டேட்டாவையும், மெசேஜ் ஆப்பில் `Auto-download MMS when roaming` என்பதையும் பாருங்கள். இரண்டும் தனித்தனி.

அம்மாவின் டேட்டாவை அமெரிக்க சிம்முக்கு மாற்றினேன். வைஃபை இல்லாமலே செய்தித் தளம் திறந்தது. சரி, முடிந்தது என்று அம்பைத் தொட்டேன். மறுபடியும் சுற்றி நின்றுவிட்டது.

இணையம் ஓடுகிறது, படம் மட்டும் இறங்கவில்லை என்றால், பார்க்க வேண்டிய இடம் ஏபிஎன்.

ஏபிஎன்னில் என்ன பார்ப்பது

சாம்சங் போனில் Settings, Connections, Mobile networks, Access Point Names என்று போக வேண்டும். பிக்சல் போன்றவற்றில் Settings, Network & internet, SIMs, அதில் அந்தக் குறிப்பிட்ட சிம், அப்புறம் கீழே Access Point Names. இரண்டு சிம் இருந்தால் சரியான சிம்மின் பக்கத்தில்தான் நிற்கிறீர்களா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பட்டியலில் புள்ளி வைக்கப்பட்டிருக்கும் பதிவைத் திறங்கள். நிறைய வரிகள் இருக்கும், பயப்பட வேண்டாம். பார்க்க வேண்டியவை நான்கைந்துதான். அமெரிக்காவின் இரண்டு பெரிய நெட்வொர்க்குகளில் அவை எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். முதலாவது டி-மொபைல்:

```
APN:       fast.t-mobile.com
MMSC:      http://mms.msg.eng.t-mobile.com/mms/wapenc
MMS proxy: Not set
MMS port:  Not set
APN type:  default,supl,mms
```

இது ஏடி அண்ட் டி:

```
APN:       nxtgenphone
MMSC:      http://mmsc.mobile.att.net
MMS proxy: proxy.mobile.att.net
MMS port:  80
APN type:  default,mms,supl,hipri
```

`APN` என்ற முதல் வரி சரியாக இருந்தால் இணையம் ஓடும். `MMSC` என்பது நாம் சொன்ன பார்சல் மையத்தின் முகவரி. அதன் அடுத்த இரண்டு வரிகளும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்; ஒன்றில் காலியாகவே இருக்க வேண்டும், இன்னொன்றில் இல்லாமல் முடியாது. அதனால் ஒரு நிறுவனத்தின் விவரத்தோடு இன்னொன்றைக் கலந்துவிடாதீர்கள். பெரிய நிறுவனத்தின் கோபுரங்களை வாடகைக்கு எடுத்து நடத்தும் சிறிய நிறுவனத்தின் சிம் என்றால், அந்தச் சிறிய நிறுவனம் தன் உதவிப் பக்கத்தில் கொடுத்திருப்பதையே போடுங்கள்.

கடைசி வரியான `APN type` தான் பெரும்பாலும் எல்லோரும் தவறவிடும் இடம். இந்த வாசலை எந்தெந்த வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று போனுக்குச் சொல்வது அது. `default` என்றால் சாதாரண இணையம். `mms` என்ற சொல் அங்கே இருந்தால்தான் போன் படச் செய்திக்கும் இதே வாசலைப் பயன்படுத்தும். அந்தச் சொல் இல்லாவிட்டால் யூடியூப் தடையில்லாமல் ஓடும், படச் செய்தி மட்டும் வராது. நிறுவனத்துக்குப் போன் செய்தால் "உங்கள் டேட்டா நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொல்லி வைத்துவிடுவார்கள், அவர்கள் பார்ப்பதும் உண்மைதான்.

அம்மாவின் போனில் அந்த வரி `default,supl` என்று இருந்தது. `MMSC` வரி காலி. சிம் போட்டவுடன் போன் தானாக உருவாக்கிக்கொண்ட பதிவு அது. பல சிறிய நிறுவனங்கள் ஒரே பெரிய நெட்வொர்க்கின் அடையாள எண்களைப் பகிர்ந்துகொள்வதால், எந்த சிம் யாருடையது என்று போன் பிரித்து அறிய வேண்டியிருக்கிறது. வேறு நாட்டுக்காகத் தயாரான போனில் அந்தச் சிறிய நிறுவனங்களின் விவரம் முழுமையாக இருக்கும் என்று நம்ப முடியாது. இணையத்துக்கு வேண்டியதை மட்டும் எப்படியோ பிடித்துக்கொள்ளும், மற்றது காலியாக நிற்கும்.

சரிசெய்தது இப்படி

மேலே மூன்று புள்ளியைத் தொட்டால் இயல்புநிலைக்குத் திருப்பும் `Reset to default` இருக்கும். முதலில் அதைச் செய்து பாருங்கள்; சில நேரம் அதிலேயே சரியாகிவிடும். எங்களுக்கு ஆகவில்லை. அந்தப் பதிவைத் திருத்தவும் முடியவில்லை, வரிகள் மங்கலாக இருந்தன. அப்படி இருந்தால் `Add` தொட்டுப் புதிய பதிவு ஒன்றை உருவாக்க வேண்டும்.

தட்டச்சு செய்யும்போது கை தவறும் இடங்கள் சில உண்டு. எம்எம்எஸ்சி முகவரியின் தொடக்கத்தில் நிறுவனம் `http` என்று கொடுத்திருந்தால் அப்படியே போடுங்கள். பாதுகாப்புக்கு நல்லது என்று நினைத்து `https` ஆக்கினால் வேலை செய்யாது. கீபோர்டு முதல் எழுத்தைப் பெரிதாக்கும், வார்த்தைக்குப் பின் ஓர் இடைவெளியைத் தானாகச் சேர்க்கும். அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கர்சரை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். `APN type` வரியில் கமாவுக்கு இருபுறமும் இடைவெளி வேண்டாம்.

`MCC`, `MNC` என்ற இரண்டு வரிகளில் நாட்டையும் நெட்வொர்க்கையும் குறிக்கும் எண்களைப் போன் தானாக நிரப்பியிருக்கும். அதைத் தொடாதீர்கள். சிம்மில் உள்ள அந்த அடையாள எண்களோடு அது பொருந்தவில்லை என்றால், நீங்கள் சேமித்த பதிவு பட்டியலிலேயே தெரியாது. "அடித்து முடித்தேன், காணாமல் போய்விட்டது" என்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், அல்லது சேமிக்காமல் வெளியே வந்திருப்பார்கள். மூன்று புள்ளியில் உள்ள `Save` தொட்டே வெளியே வாருங்கள்.

சேமித்தால் மட்டும் போதாது. பட்டியலுக்கு வந்து புதிய பதிவின் பக்கத்தில் உள்ள வட்டத்தைத் தொட்டுத் தேர்வு செய்ய வேண்டும். பிறகு ஏர்ப்ளேன் மோடை ஓர் அரை நிமிடம் போட்டு எடுங்கள். அப்போதுதான் போன் பழைய இணைப்பை விட்டுப் புதிய வாசலைப் பிடிக்கும்.

அம்மாவின் போனில் இதையெல்லாம் செய்து, என் போனிலிருந்து ஒரு படம் அனுப்பினேன். வந்து இறங்கியது. அவர் என் பதிலுக்குக் காத்திருக்காமல் டீச்சர் அனுப்பிய பழைய அம்பைப் போய்த் தொட்டார். அதில் `Message expired or not available` என்று வந்தது. எம்எம்எஸ் மையம் பார்சலைச் சில நாட்கள்தான் வைத்திருக்கும், அதற்குப் பிறகு அழித்துவிடும். அதனால் சரிசெய்த பின் சோதிப்பதற்கு எப்போதும் புதிய படம் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். பழையதை வைத்துச் சோதித்தால், சரியான அமைப்பையும் தவறு என்று நினைத்து மாற்றிக் கெடுத்துவிடுவீர்கள்.

ஏபிஎன்னும் சரியாக இருந்து, இன்னும் இறங்கவில்லை என்றால் விபிஎன் ஆப் எதுவும் ஓடுகிறதா என்று பாருங்கள். விளம்பரங்களைத் தடுக்க `Private DNS` அமைப்பில் ஏதாவது பெயர் கொடுத்திருந்தால் அதையும் ஒருமுறை அணைத்துப் பாருங்கள். எம்எம்எஸ்சி முகவரிகள் சில அந்த நிறுவனத்தின் நெட்வொர்க்குக்கு உள்ளே இருந்து கேட்டால்தான் கிடைக்கும். வெளியே சுற்றிக்கொண்டு போய்க் கேட்டால் அப்படி ஒரு முகவரியே இல்லை என்றுதான் பதில் வரும்.

அறிகுறி 2: வருகிறது, ஆனால் அனுப்ப முடியவில்லை

படம் இறங்குகிறது என்றால் வாசல் திறந்திருக்கிறது. ஏபிஎன்னை இப்போது தொட வேண்டாம். இங்கே முதல் சந்தேகம் அளவு.

இன்றைய போனில் எடுக்கும் ஒரு படம் 3, 4 MB சாதாரணமாக வரும். எம்எம்எஸ்ஸில் நிறுவனங்கள் அனுமதிக்கும் அளவு பெரும்பாலும் 1 MB அளவில் நிற்கும். சில இடங்களில் 300 KB தான். ஆண்ட்ராய்டில் நிறுவனம் எதுவும் சொல்லாவிட்டால் எடுத்துக்கொள்ளும் வரம்பும் 300 KB. மெசேஜ் ஆப் தானாகவே படத்தைச் சுருக்கும். ஆனால் நான்கைந்து படங்களை ஒன்றாக வைத்தால், அல்லது வீடியோ, ஜிஃப் போன்றவை என்றால் சுருக்க முடியாமல் போகும், அல்லது சுருக்கி முகமே தெரியாமல் போகும்.

சோதனை எளிது. ஏதாவது ஒரு ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து, மூலையில் சின்னத் துண்டாக வெட்டி, அதை மட்டும் அனுப்புங்கள். அது போய், பெரியது போகவில்லை என்றால் அளவுதான். அப்போது படங்களை ஒவ்வொன்றாக அனுப்புங்கள். வீடியோ என்றால் கூகுள் போட்டோஸ் போல ஏதாவது ஒன்றில் ஏற்றி இணைப்பை அனுப்புவதுதான் வழி. சின்னத் துண்டும் போகவில்லை என்றால், அறிகுறி 1-இல் சொன்ன ஏபிஎன் சோதனையைச் செய்து பாருங்கள், முக்கியமாக `MMS proxy`, `MMS port` வரிகளை.

ஒரே ஒருவருக்கு மட்டும் போகவில்லை என்றால் உங்கள் போனின் அமைப்புகளில் தேடாதீர்கள். அவருடைய எண் எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். எண்ணுக்குப் பதில் மின்னஞ்சல் முகவரி தேர்வாகியிருக்கலாம்.

எழுதும் பெட்டியில் `RCS message` என்று மங்கலாகத் தெரிந்தால், அந்த உரையாடல் எம்எம்எஸ் அல்ல, இணையம் வழியே போகும் ஆர்சிஎஸ் என்ற புதிய வகைச் செய்தி. அது வைஃபையிலும் போகும், எம்எம்எஸ்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. சிலருக்குப் போய்ச் சிலருக்குப் போகாததன் காரணம் இதுவாகவும் இருக்கும்: போகிறவர்கள் ஆர்சிஎஸ்ஸில் இருப்பார்கள், போகாதவர்களுக்குத்தான் எம்எம்எஸ் தேவைப்படும்.

அறிகுறி 3: அறிவிப்பே வரவில்லை

அம்பும் இல்லை, பெட்டியும் இல்லை. அனுப்பியவர் அனுப்பிவிட்டேன் என்கிறார். இங்கே சீட்டே வரவில்லை. ஏபிஎன்னை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இருக்காது.

சாதாரண எஸ்எம்எஸ் வருகிறதா என்று முதலில் பாருங்கள். அதுவும் வராவிட்டால் உங்களிடம் இருப்பது டேட்டா மட்டும் தரும் சிம்மாக இருக்கலாம். பயணிகளுக்கு விற்கும் இ-சிம்கள் பல அப்படித்தான். எண்ணே இல்லாததால் எம்எம்எஸ் வர வழியில்லை. எஸ்எம்எஸ் வருகிறது, யாரிடமிருந்தும் எம்எம்எஸ் அறிவிப்பு வருவதில்லை என்றால், நிறுவனத்தை அழைத்து "என் எண்ணில் எம்எம்எஸ் சேவை போடப்பட்டிருக்கிறதா, ஏதாவது தடை இருக்கிறதா" என்று கேட்க வேண்டும். இதைப் போனிலிருந்து நாம் சரிசெய்ய முடியாது.

ஐபோன் வைத்திருப்பவர்கள் அனுப்புவது மட்டும் வரவில்லை, மற்றவர்கள் அனுப்புவது வருகிறது என்றால் காரணம் வேறு. உங்கள் எண் ஆப்பிளின் செய்திச் சேவையான ஐமெசேஜில் பதிவாகியே கிடக்கிறது. நீங்கள் ஐபோனை விட்டு ஆண்ட்ராய்டுக்கு மாறியிருக்கலாம். புதிதாக வாங்கிய எண்ணை முன்பு வைத்திருந்தவர் ஐபோன்காரராகவும் இருந்திருக்கலாம். அனுப்புபவரின் ஐபோன் அதை நீல நிறச் செய்தியாக ஆப்பிள் வழியே அனுப்பிவிடும். அது உங்கள் போனுக்கு வராது. ஆப்பிளின் இந்தப் பக்கத்தில் எண்ணைக் கொடுத்து, வரும் குறியீட்டைப் போட்டால் பதிவு நீங்கிவிடும்:

```
https://selfsolve.apple.com/deregister-imessage
```

ஐபோனில்

வேலை முறை ஒன்றுதான், இடங்கள் மட்டும் வேறு. `MMS Messaging` என்ற பொத்தான் மெசேஜஸ் அமைப்பில் இருக்கும். ஐஓஎஸ் 18 முதல் அது Settings, Apps, Messages என்ற இடத்துக்குப் போய்விட்டது. பெரிய படங்கள் திணறினால் அதே பக்கத்தில் `Low Quality Image Mode` போடலாம். ஏபிஎன் விவரங்கள் Settings, Cellular, Cellular Data Network என்ற இடத்தில் இருக்கும். அங்கே எம்எம்எஸ்ஸுக்கு என்று தனிப் பகுதியே உண்டு, அதில் `APN` வரியை மறுபடியும் நிரப்ப வேண்டும். மேலே இணையத்துக்கு நிரப்பியதை அது தானாக எடுத்துக்கொள்ளாது, பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். `MMS Max Message Size` வரியில் பெரும்பாலும் 1048576 என்று கொடுக்கச் சொல்வார்கள். அது பைட் கணக்கில் 1 MB.

அந்தப் பக்கமே உங்கள் ஐபோனில் தெரியவில்லை என்றால், நிறுவனத்தின் அமைப்புக் கோப்பே எல்லாவற்றையும் கவனித்துக்கொள்கிறது என்று பொருள். Settings, General, About பக்கத்தைத் திறந்து வைத்து ஒரு நிமிடம் காத்திருங்கள். புதிய கோப்பு இருந்தால் போனே கேட்கும்.

அம்மா ஊருக்குத் திரும்பும் வரை அந்த அமைப்பு மாறவில்லை. டீச்சரிடம் கேட்டு அந்தப் படத்தை மறுபடி அனுப்பச் சொன்னோம். கூடவே ஒரு வீடியோவும் சேர்த்து அனுப்பினார். வந்தது மிகவும் மங்கலாக இருந்தது. அது அளவு வரம்புக்காகச் சுருங்கியது, ஏபிஎன்னில் தேட வேண்டியதில்லை. அதன் இணைப்பை மட்டும் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டோம்.